ழகரம் படுத்திய பாடு

சின்னக் கடைகளுக்கு இன்ஸ்டாகிராம், யூடியூப் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கரூரில் வீட்டிலேயே பருப்புப் பொடி, எள்ளுப் பொடி இடித்து விற்கும் ஒரு அக்கா இரண்டு வருடமாக என் வாடிக்கையாளர். அவர் கடையின் உண்மையான பெயரை இங்கே எழுத முடியாது, அதனால் அதே சிக்கல் உள்ள இன்னொரு சொல்லை எடுத்துக்கொண்டு, கடையின் பெயர் தாழம்பூ என்று வைத்துக்கொள்வோம். தமிழில் எவ்வளவு அழகான பெயர்! ஆங்கில எழுத்தில் போட்டதும்தான் வினை ஆரம்பித்தது.

கணக்கைத் திறந்தது நான்தான், தப்பும் என்னுடையதுதான். `thazhampoo` என்ற பெயரை யாரோ முன்பே எடுத்து வைத்திருந்தார்கள், ஒரு படம்கூடப் போடாமல். அப்படித் தூங்கும் கணக்கின் பெயரைக் கேட்டு வாங்க வழியில்லை என்பதால், எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். முன்னால் ஒரு அடிக்கோடு, பின்னால் ஒரு அடிக்கோடு. `_thazhampoo_` ஆயிற்று. டப்பாவில் ஒட்ட 2,000 ஸ்டிக்கர் அச்சடித்தோம்.

மூன்று மாதம் கழித்து அக்கா போன் செய்தார். "தம்பி, தேடினா கிடைக்கலைன்னு நாலு பேர் சொல்லிப்போட்டாங்க. நீங்க வச்ச பேரத்தான் வாட்ஸப்ல அனுப்புறேன்." அவர் அனுப்பியதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வாட்ஸப்பில் ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் அடிக்கோடு போட்டால் அது சொல்லைச் சாய்ந்த எழுத்தாக்கிவிட்டு அடிக்கோடுகளை விழுங்கிவிடும். அக்கா சரியாகத்தான் தட்டியிருக்கிறார், போய்ச் சேர்ந்தது மட்டும் வெறும் thazhampoo. அதைத் தேடியவர்கள் அந்தத் தூங்குமூஞ்சிக் கணக்கில் போய் நின்று, கடையை மூடிவிட்டார்கள் போல என்று திரும்பியிருக்கிறார்கள்.

அடிக்கோட்டை எடுத்தால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அக்காவிடம் பேசப் பேச வேறொன்று தெரிந்தது, பொடி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கடைப் பெயரைக் காதால் மட்டும் கேட்டவர்கள். பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு, காதில் விழுந்ததை வைத்துத் தட்டுகிறவர்கள். தாழம்பூவை எத்தனை விதமாகத் தட்டலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தா-வுக்கு tha, thaa, ta. ழ-வுக்கு zha, la, za. பூ-வுக்கு poo, pu, boo, bu, ஏனென்றால் மகரத்துக்குப் பின்னால் வரும் பகரம் பேச்சில் b மாதிரிதான் கேட்கிறது. மூன்று, மூன்று, நான்கு. பெருக்கினால் 36 வழி, எந்த ஒன்றை நாம் எடுத்தாலும் மற்ற 35 வழி நம் கடைக்கு வராது.

சரி, ஊகம் வேண்டாம் என்று பன்னிரண்டு பேருக்குப் போன் போட்டேன். என் அம்மா, சித்தி, அச்சகத்து அண்ணன், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். பெயரை ஒரே ஒரு தடவை சொல்வேன், எழுத்துக் கூட்ட மாட்டேன், அவர்கள் ஆங்கிலத்தில் தட்டி அனுப்ப வேண்டும். ஐந்து பேர் `thalampoo`. நான்கு பேர் `thazhampoo`. இரண்டு பேர் `thazhamboo`. சித்தி மட்டும் `talambu`. இப்போதெல்லாம் எந்தப் பெயரானாலும் இந்தப் போன் வேலையை முடிக்காமல் நான் கணக்குத் திறப்பதில்லை, அரை மணி நேரம்கூட ஆகாது.

l போட்டு எழுதலாம் என்றதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாலம்பூன்னு எழுதினா ஊரு சிரிக்காதுங்களா?" நியாயமான கேள்விதான், எனக்கும் ழகரத்தை விட மனசில்லை. ஆனால் தமிழ் என்ற பெயரையே உலகம் Tamil என்று l போட்டுத்தானே எழுதுகிறது, நம் பாஸ்போர்ட்டிலும் Tamil Nadu தானே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டப்பாவில் தமிழில் பெரிசாகத் தாழம்பூ இருக்கணும், மற்றது உங்க இஷ்டம் என்றார்.

`thalampoo` என்று தனியாகக் கிடைக்கவில்லை, பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தது. பொடிக் கடைதானே என்று `thalampoopodi` எழுதி அனுப்பினேன். அக்கா மகள் கோவையில் படிக்கிறாள், அவளிடமிருந்து அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மைகள் பத்து வந்தன. நடுவில் நான்கு எழுத்தை மட்டும் படியுங்கள் அண்ணா என்றாள். படித்தேன். poop. சாப்பிடும் பொருளுக்கு! இரண்டு சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டும்போது நடுவில் மூன்றாவதாக ஒன்று முளைக்கும், எழுதியவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ஊர்ப் பெயரையும் பொடியையும் மட்டும் வைத்துக் `karurpodi` என்று முடித்துவிடலாமா என்றும் யோசித்தோம். தேட வசதிதான். ஆனால் அது கடையின் பெயர் ஆகாது, ஊரும் பொருளும் சேர்ந்த ஒரு விவரம். நாளைக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதையே போட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, 1999-ஆம் வருட வணிகக் குறியீட்டுச் சட்டத்திலும் பொருளின் வகையையோ அது வரும் ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்வது கடினம். அக்கா அப்பளமும் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் வேறு.

கடைசியில் `thalampookarur`. கரூரை யாரும் தப்பாக எழுதுவதில்லை, பஸ் பலகையில் பார்த்தே பழகியது. மொத்தம் 14 எழுத்து. இன்ஸ்டாகிராமும் யூடியூபும் 30 வரை விடும், ஆனால் எக்ஸ் தளத்தில் 15-தான் எல்லை, புள்ளிக்கும் அங்கே இடமில்லை. அதனால் எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமென்றால் 15-க்குள், வெறும் எழுத்தாக இருப்பது நல்லது. மூன்று இடத்திலும் அன்றைக்கே எடுத்துப் போட்டேன்.

விட்ட ழகரத்துக்கும் ஒரு இடம் இருந்தது. இன்ஸ்டாகிராமில் கணக்குப் பெயருக்கு மேலே தனியாக ஒரு பெயர்க் கட்டம் உண்டு, தேடும்போது அதையும் பார்க்கும், தமிழ் எழுத்தையும் ஏற்கும். நிறையப் பேர் அதில் கணக்குப் பெயரையே திரும்ப எழுதி வீணாக்குகிறார்கள். நாங்கள் அதில் `தாழம்பூ Thazhampoo Podi` என்று போட்டோம். l போட்டுத் தேடினாலும் zh போட்டுத் தேடினாலும் தமிழில் தேடினாலும் பிடிக்க ஒரு நுனி இருக்கும். பெயர்க் கட்டத்தை 14 நாளில் இரண்டு தடவைக்கு மேல் மாற்ற முடியாது, அதனால் முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. சித்தியின் `talambu`வுக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.

பழைய பெயர் சும்மா போகவில்லை. மாற்றிய நிமிடமே பழைய இணைப்புகள் செத்துவிட்டன, வாடிக்கையாளர்கள் தங்கள் படங்களில் குறிப்பிட்டிருந்த பழைய பெயரைத் தொட்டால் வெற்றுப் பக்கம் வந்தது. இரண்டு வாரம் காத்திருந்து அதே `_thazhampoo_` பெயரில் ஒரு காலிக் கணக்குத் திறந்து, புதுப் பெயரைச் சொல்லும் ஒரே ஒரு படத்தைப் போட்டுவைத்தேன். நல்லவேளை, நடுவில் யாரும் எடுக்கவில்லை.

மிச்சமிருந்த 1,400 ஸ்டிக்கரை அக்கா தூக்கிப் போடவில்லை. புதுப் பெயர் அச்சடித்த மெல்லிய பட்டையை வாங்கி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் எனக்கு வந்த எள்ளுப் பொடி டப்பாவில் பட்டை கொஞ்சம் கோணலாக இருந்தது, ஓரத்தில் பழைய அடிக்கோடு எட்டிப் பார்த்தது.