சிவப்புக் கோடும் நீலக் கோடும்

எங்கள் தமிழ் ரீச்சர் காலமான செய்தி சென்ற மாதம் ரொறன்ரோவுக்கு வந்தது. நமது தமிழ்ப் பாடம் எந்த நேரம், எந்த மரத்தடி என்று அவரிடம் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1984இல் பத்தாம் வகுப்பில் 'எங்கள் ஊர்க் கிணறு' என்று கட்டுரை எழுதினேன். அதில் இரண்டு வசனங்களை ரீச்சர் வகுப்புக்கு உரக்க வாசித்தார்.

"எங்கட கிணத்துத் தண்ணி இப்ப உப்பாப் போச்சு. எனவே நிலத்தடி நீர்வள முகாமைத்துவச் செயற்பாடுகளை வினைத்திறன்மிக்க முறையில் முன்னெடுக்க வேண்டிய தேவைப்பாடு காணப்படுகின்றது."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ரீச்சர் சிரிக்கவில்லை. வாசிக்கும்போது குரல் எங்கே மாறியது என்று கேட்டார். முதல் வசனத்தின் கீழ் சிவப்புக் கோடும் இரண்டாவதன் கீழ் நீலக் கோடும் இட்டுத் திருத்தி வரச் சொன்னார்.

மறுநாள் "எமது கிணற்று நீர் உவர்த்தன்மை எய்தியுள்ளது" என்று கொண்டுபோனேன். சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தாவியிருக்கிறாய் என்றார். சொற்களை மாற்றாமல் வடிவத்தை மட்டும் திருத்தினார்: "எங்கள் கிணற்றுத் தண்ணீர் இப்போது உப்பாய்ப் போயிற்று." அதே பேச்சுதான், எழுத்தின் உடையில். அம்மாச்சி சொன்னதாக நான் எழுதியிருந்த "தண்ணி கரிக்குது" என்பதை அவர் தொடவேயில்லை. அது மேற்கோளுக்குள் இருந்தது. அம்மாச்சி அப்படித்தான் பேசுவார்.

நீலக் கோட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி கேட்டார்: யார், எதைச் செய்ய வேண்டும்? எனக்குப் பதில் தெரியவில்லை. 'முன்னெடுக்க', 'காணப்படுகின்றது' என்ற வினைகளில் செய்பவரும் இல்லை, செயலும் இல்லை. தெரியாததை அந்தப் பெரிய சொற்கள் மறைத்திருந்தன.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். நம் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் அது தாங்கியது. மிசின் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறுகிறது என்றார். அதன் பிறகு வசனம் தானாக வந்தது: "தோட்டக்காரர்கள் மிசினால் இறைப்பதைக் குறைத்தால்தான் நிலத்தடி நீர் உப்பாகாமல் இருக்கும்." 'நிலத்தடி நீர்' மட்டும் தங்கியது. அந்தப் பொருளுக்கு வேறு எளிய சொல் இல்லை என்று ரீச்சர் அதை விட்டுவிட்டார்.

இரண்டு ஆண்டுகளில் நான் நாட்டை விட்டு வந்துவிட்டேன். அந்தக் கொப்பி எந்த வீட்டோடு போயிற்றோ தெரியாது.

இந்த நினைவு மலருக்காக முதலில் "ஆசிரியையின் மறைவு ஈடுசெய்ய முடியாத பேரிழப்பாகக் காணப்படுகின்றது" என்று எழுதினேன். உரக்க வாசித்தேன். நீலக் கோடு இட்டேன். யார், என்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டு மீண்டும் எழுதினேன்: ரீச்சர் இறந்துவிட்டார். நான் ஒருமுறைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை.