ஃபோர்குளோஷர் தொகையில் 4,160 ரூபாய் அதிகம்: லெட்ஜரை வைத்துக் கண்டுபிடித்த கதை

பர்சனல் லோனை முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்டேன். ஜூன் 16 தேதிக்கு 3,33,085 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் வந்தது. பணம் தயாராக இருந்தது. கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அதில் இருந்த நான்கு வரிகளில் எதற்குமே கணக்கு காட்டவில்லை. அசல் 3,12,500, நடப்பு வட்டி 3,802, இதர நிலுவை 1,770, ஃபோர்குளோஷர் கட்டணம் ஜிஎஸ்டியோடு 15,013. எத்தனை நாள் வட்டி, எந்த மாத நிலுவை, எதன் மேல் எத்தனை சதவீதம் என்று ஒன்றும் இல்லை.

கிளைக்குப் போய்க் கேட்டபோது அங்கிருந்த அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சிஸ்டம் போடுற தொகை சார், நாங்க எதுவும் பண்ண முடியாது" என்றார். லெட்ஜர் வேண்டும் என்றதற்கு ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் அது ரீபேமென்ட் ஷெட்யூல். அதாவது, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடன் கொடுத்த அன்றே போட்ட அட்டவணை. அதில் இஎம்ஐ திரும்பியது இருக்காது, அபராதம் இருக்காது, நாம் கட்டிய தேதியும் இருக்காது. இதை வைத்து எந்தக் கணக்கையும் சரிபார்க்க முடியாது. நமக்கு வேண்டியது ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுண்ட். கடன் தொடங்கிய நாளிலிருந்து பற்று, வரவு, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது, கட்டிய பணம் எந்தத் தலைப்பில் கழிக்கப்பட்டது என்று வரிசையாக இருப்பது அதுதான். கேட்கும்போதே "கட்டணங்களும் அபராதங்களும் சேர்ந்த முழு ஸ்டேட்மென்ட்" என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு அது மின்னஞ்சலில் கேட்ட பிறகுதான் வந்தது.

முதலில் அசல். ஜூன் 5 இஎம்ஐ 14,200 பிடித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய அசல் 3,22,773. வட்டி ஆண்டுக்கு 14.6 சதவீதம், பன்னிரண்டில் ஒரு பங்கு 3,927. மீதி 10,273 அசலில் கழிந்து 3,12,500. இது சரியாக இருந்தது.

அடுத்தது வட்டி. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஜூன் 5 வரைக்குமான வட்டி அன்றைய இஎம்ஐயிலேயே போய்விட்டது. 16ஆம் தேதி முடித்தால் பாக்கி 11 நாள் வட்டிதான். 3,12,500க்கு 14.6 சதவீதத்தில் ஒரு நாளைக்கு 125 ரூபாய். 11 நாளுக்கு 1,375. அவர்கள் போட்டிருந்ததோ 3,802. அசலை 14.6 சதவீதத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், சரியாக 3,802 வரும். பதினொரு நாள் பயன்படுத்திய பணத்துக்கு முழு மாத வட்டி.

சிலர் ஆண்டை 365 நாளாக எடுப்பார்கள், சிலர் மாதத்தை 30 நாளாக எடுப்பார்கள். 30 நாள் முறையில் போட்டால் என் 11 நாள் வட்டி 1,394 வரும். வித்தியாசம் 19 ரூபாய். அதற்காகச் சண்டை போடத் தேவையில்லை. பத்து இருபது ரூபாய் தள்ளி நின்றால் அது கணக்கிடும் முறை. ஆயிரக்கணக்கில் தள்ளி நின்றால் அது நாள் கணக்கே போடாத வட்டி.

இதை உறுதிப்படுத்த ஒரு எளிய வழி இருக்கிறது. வேறொரு தேதிக்கும் ஃபோர்குளோஷர் தொகை கேளுங்கள். நான் கஸ்டமர் கேரில் 20ஆம் தேதிக்குக் கேட்டேன். அதே 3,802தான் சொன்னார்கள். நான்கு நாள் தள்ளியும் வட்டி நகரவில்லை என்றால் அது அந்த மாதம் முழுவதற்கும் போட்ட வட்டி என்பதில் சந்தேகமே இல்லை. ஒழுங்கான கடிதத்தில் "ஒரு நாள் தாமதமானால் இவ்வளவு கூடும்" என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் அது இல்லாததே முதல் அறிகுறி.

இது வெறும் நியாயம் பற்றிய பேச்சும் அல்ல. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று வங்கிகளுக்கும், என்பிஎஃப்சி எனப்படும் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையில், மாத நடுவில் கொடுத்த அல்லது திருப்பிக் கட்டிய கடனுக்கு, அது நிலுவையில் இருந்த நாட்களுக்கு மட்டும் இல்லாமல் முழு மாதத்துக்கும் வட்டி வாங்குவதைத் தவறான நடைமுறைகளில் ஒன்றாகவே குறிப்பிட்டிருக்கிறது. அப்படி வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பதாகவும் அதில் இருக்கிறது. கடிதம் எழுதும்போது இந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். பதிலின் தொனியே மாறும்.

மூன்றாவது வரி, இதர நிலுவை 1,770. இதைப் பிரித்துப் பார்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது. பிப்ரவரியில் சம்பளம் தாமதமாக வந்ததால் 5ஆம் தேதி இஎம்ஐ திரும்பிவிட்டது. 14ஆம் தேதி இஎம்ஐயும் பவுன்ஸ் கட்டணம் 590ம் சேர்த்து, அவர்கள் ஃபோனில் சொன்னபடியே 14,790 அனுப்பினேன். ரசீதும் வந்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் எந்த மனிதரும் நினைப்பார்.

லெட்ஜரில் நடந்திருந்தது வேறு. அந்த 14,790இல் முதலில் பவுன்ஸ் கட்டணம் 590 எடுத்தார்கள். அடுத்து, ஃபோனில் சொல்லவே சொல்லாத தாமத அபராதம் 300, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54, ஆக 354 எடுத்தார்கள். மீதி 13,846தான் இஎம்ஐக்குப் போனது. பிப்ரவரி இஎம்ஐயில் 354 குறைந்துவிட்டது. மார்ச் 5 அன்று முழு 14,200ஐயும் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்தார்கள். அதில் 354 பிப்ரவரி பாக்கிக்குப் போய், மார்ச் இஎம்ஐயில் 354 குறைந்தது. உடனே மார்ச்சுக்கு ஒரு குறைந்தபட்ச அபராதம், இன்னொரு 354. ஏப்ரலிலும் அதே. மே, ஜூனிலும் அதே. மாதா மாதம் தேதி தவறாமல் முழு இஎம்ஐ போயும், லெட்ஜர் என்னைப் பாக்கிக்காரராகவே வைத்திருந்தது. ஒரு 354 ரூபாய் பள்ளம் மாதம் விட்டு மாதம் நகர்ந்துகொண்டே இருக்க, அதற்கு நான்கு அபராதம். 354 பள்ளம், நான்கு 354 அபராதம், கூட்டினால் 1,770. யாரும் ஒரு எஸ்எம்எஸ் கூட அனுப்பவில்லை.

உங்கள் லெட்ஜரில் ஒரே ஒரு இஎம்ஐ திரும்பியிருந்தாலும், அந்த மாதத்தோடு பார்வையை நிறுத்தாதீர்கள். அடுத்து வரும் ஒவ்வொரு இஎம்ஐ வரவும் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு இஎம்ஐயின் வரவு இரண்டு வரியாக, ஒரு சின்னத் தொகையும் ஒரு பெரிய தொகையுமாகப் பிரிந்திருந்தால், பழைய பள்ளம் இன்னும் மூடவில்லை என்று பொருள்.

இதில் நான் எழுப்பிய ஆட்சேபங்கள் இரண்டு. 2023 ஆகஸ்ட் 18 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி அபராதக் கட்டணம் மீறலின் அளவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். 354 ரூபாய் குறைவுக்கு மாதம் 354 அபராதம் எந்த வகையில் பொருந்தும்? அதுவும் அந்தக் குறைவை உண்டாக்கியதே அவர்களுடைய கழிக்கும் வரிசைதான். அடுத்தது, அந்தச் சுற்றறிக்கைப்படி வாங்கும் அபராதத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2025 ஜனவரி 28 அன்று மறைமுக வரி வாரியமே தெளிவுபடுத்திவிட்டது. ஆக, நான் உண்மையில் தர வேண்டியது பிப்ரவரி தாமதத்துக்கான 300 மட்டும். அது ஒப்பந்தத்தில் இருந்தது, அதை மறுக்கவில்லை.

கடைசி வரி ஃபோர்குளோஷர் கட்டணம். தனிநபரின் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக்கடன் என்றால் இந்தக் கட்டணமே வாங்கக்கூடாது. என்னுடையது நிலையான வட்டி, ஒப்பந்தத்தில் "மீதமுள்ள அசலில் 4 சதவீதம்" என்று இருந்தது. 3,12,500க்கு 12,500, ஜிஎஸ்டி 2,250, மொத்தம் 14,750. அவர்கள் அசல், வட்டி, நிலுவை மூன்றையும் கூட்டி 3,18,072க்கு 4 சதவீதம் போட்டிருந்தார்கள். 263 ரூபாய் கூடுதல். தொகை சிறியதுதான், ஆனால் மேலே இருந்த தவறுகளின் மேலேயே கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்ட இது உதவியது.

மூன்று வரிகளிலும் வித்தியாசம்: வட்டியில் 2,427, நிலுவையில் 1,470, கட்டணத்தில் 263. மொத்தம் 4,160.

இதைக் கிளையில் வாயால் சொல்லிப் பயனில்லை. அவர்களால் திரையில் இருப்பதைப் படிக்க மட்டுமே முடியும். கடன் கொடுத்தவர்களின் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கு எழுதினேன். நீளமாகப் புலம்பவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் தொகை, என் தொகை, லெட்ஜரில் எந்தத் தேதி வரி, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, அவ்வளவுதான். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசியில் ஒரு வரி. லெட்ஜரின் அந்தப் பக்கங்களில் கோடிட்டு இணைத்தேன்.

திருத்திய கடிதம் 16ஆம் தேதி தாண்டித்தான் வந்தது. ஜூன் 23க்கு 3,29,800. அசல் 3,12,500, 18 நாள் வட்டி 2,250, அபராதம் 300, கட்டணம் 14,750. நான் போட்ட கணக்கோடு ரூபாய் பிசகாமல் பொருந்தியது! அவர்கள் இழுத்தடித்த ஏழு நாளுக்கு நான் 875 ரூபாய் வட்டி கொடுத்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. முதல் கடிதம் கேட்கும்போதே ஒரு வாரம் தள்ளித் தேதி போட்டுக் கேளுங்கள், சரிபார்க்கவும் சண்டை போடவும் இடம் இருக்கும். அடுத்த இஎம்ஐ தேதிக்கு நெருக்கமாகவும் வைக்காதீர்கள். கடன் முடிந்த பிறகும், இஎம்ஐயைத் தானாகப் பிடிக்க நாம் கொடுத்த நாச் மேண்டேட் போய் இன்னொரு இஎம்ஐயைப் பிடித்துவிட்டால், அதைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம்.

பணம் கட்டியதும், இனி பாக்கி இல்லை என்று தரும் என்ஓசியோடு நிறுத்திக்கொள்ளாமல் இறுதி ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்கினேன். பார்த்தால், நான் ஆட்சேபித்த அபராதங்களை "வெய்வர்" என்று போட்டிருந்தார்கள். பாக்கியைத் தள்ளுபடி செய்ததாகப் பதிவானால், கிரெடிட் ரிப்போர்ட்டில் கணக்கு "Closed" என்பதற்குப் பதில் "Settled" என்று போக வாய்ப்பு இருக்கிறது. அடுத்த கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். தவறாகப் போட்ட கட்டணம் தள்ளுபடி ஆகாது, போட்டதையே திரும்ப எடுக்கும் ரிவர்சல்தான் ஆக வேண்டும் என்று மறுபடி எழுதினேன். மாற்றிக் கொடுத்தார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டில் "Closed" என்று வந்ததைப் பார்த்த பிறகுதான் ஃபைலை மூடினேன்.