பிபி மெஷினின் திரையைப் படம் எடுத்துப் பார்த்தேன்

மருத்துவக் கருவிகளைப் படம் எடுத்துப் பழகலாம் என்று இறங்கியபோது கையில் இருந்தவை டிஜிட்டல் தெர்மாமீட்டரும் பிபி மெஷினும்தான். வெள்ளைப் பின்னணி, வெள்ளை பிளாஸ்டிக் உடல், நடுவில் சாம்பல் நிறத்தில் ஓர் எல்சிடி திரை. அதில் இருக்கும் எண்ணைப் படிக்க முடியவில்லை என்றால், படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் யாருக்கும் பயன்படாது. அதனால் முதலில் பிபி மெஷினின் திரையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதுவரை வந்து சேர்ந்த இடத்தை எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருக்கும் மெஷினின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் ஒளி திரைக்குள் போய், பின்னால் இருக்கும் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. அப்போதுதான் எண் கறுப்பாகத் தெரிகிறது. ஆகவே திரைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் திரையின் மேல் மூடியாக இருக்கும் பிளாஸ்டிக் பளபளப்பானது. எதிரே விளக்கு இருந்தால் அதை அப்படியே காட்டி எண்ணை மறைத்துவிடும். வெளிச்சம் வேண்டும், அதன் பிம்பம் வேண்டாம். முழு வேலையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பிம்பத்தைப் போக்க எல்லோரும் முதலில் சொல்வது போலரைசர் வடிகட்டி. மாட்டிப் பார்த்தேன். வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் திரை முழுவதும் கறுத்து எண் காணாமல் போகிறது. எல்சிடியின் முகப்பிலேயே ஒரு போலரைசர் தாள் இருப்பதுதான் காரணம். அதுவும் லென்ஸில் இருப்பதும் குறுக்காக நின்றால் ஒளி வெளியே வராது. திரை பளிச்சென்று இருக்கும் நிலையில் பிம்பம் போகவில்லை. பிம்பம் குறையும் நிலையில் திரை மங்குகிறது. வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஒரு கறுப்பு அட்டையை எடுத்தேன். அதுதான் கைகொடுத்தது.

கணக்கு எளிது. கேமரா திரையை எந்தச் சாய்வில் பார்க்கிறதோ, அதே சாய்வில் எதிர்ப்பக்கம் இருப்பதுதான் திரையில் பிம்பமாகத் தெரியும். நான் நேர்செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்து, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அப்படியென்றால் மெஷினுக்குப் பின்னால், அதே 30 டிகிரியில் இருப்பதுதான் திரையில் விழும். அங்கே கறுப்பு அட்டையைச் சாய்த்து நிறுத்தினால் திரை அதைத்தான் பிரதிபலிக்கும். மூடியின் மேல் படிந்திருந்த வெண்மை போய்விடும். விளக்கு இடது பக்கத்திலிருந்து வருகிறது. அட்டை படத்துக்குள் வராதபடி சட்டத்துக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும். அதற்கு லென்ஸ் நீளமாக இருப்பது வசதி. நான் 100 மிமீ போட்டேன்.

எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதும் முக்கியம். இந்த வகை எல்சிடி ஒரு திசையிலிருந்து பார்க்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. மேஜை பிபி மெஷினில் பெரும்பாலும் அது உட்கார்ந்திருப்பவரின் திசை. எதிர்ப்பக்கம் போனால் எண் வெளிறிவிடும்.

அப்புறம் இரட்டை எண் வந்தது. திரையை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு. கேமரா அசைந்ததோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்தில் அச்சிட்டிருந்த SYS, DIA எழுத்துகள் கூர்மையாகவே இருந்தன. அசைந்திருந்தால் அவையும் கலங்கியிருக்கும். அது எண்ணின் நிழல். எண் கண்ணாடியின் நடுவில் இருக்கிறது, ஒளியைத் திருப்பும் தகடு அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. சிறிய, கடினமான விளக்கு பக்கத்திலிருந்து அடித்தால் நிழல் தகட்டில் விலகி விழுகிறது. விளக்குக்கு முன்னால் பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி ஒளியைப் பரப்பியதும் நிழல் கரைந்துவிட்டது. எண்ணும் மூடியின் மேற்பரப்பும் ஒரே தளத்தில் இல்லை என்பதால் ஆட்டோஃபோகஸ் சில நேரம் மூடியின் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. கையால் ஃபோகஸ் செய்து, f/11, ISO 100, முக்காலி என்று வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வெள்ளை மெஷின் வெள்ளைப் பின்னணியில் கரையாமல் இருக்க, இரண்டு பக்கமும் சட்டத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் கறுப்பு அட்டைகள் வைத்தேன். விளிம்பில் மெல்லிய சாம்பல் கோடு விழுந்து உடல் தனியாகத் தெரிகிறது. கணினியில் இழுத்துத் திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, திரையில் என்ன எண் காட்டுவது? புது மெஷினின் மேல் மாதிரி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருந்தால் முதலில் அதை உரித்துவிட வேண்டும். பலரும் 120/80 போடுவார்கள். 2017 அமெரிக்க வழிகாட்டுதலின்படி கீழ் எண் 80 முதல் 89 வரை இருந்தாலே உயர் ரத்த அழுத்தத்தின் முதல் நிலை. ‘நார்மல்’ என்று அதைக் காட்டுவது சரியல்ல. எண்ணைக் கணினியில் வரைந்து ஒட்டவும் எனக்கு மனமில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, கையை இதய உயரத்தில் தாங்கி அளந்தேன். 116/74, நாடி 70. அதையே எடுத்தேன். மெஷின் சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும் என்பதால் விளக்கு, ஃபோகஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்திருந்தேன். நினைவகப் பொத்தானை அழுத்தினால் பழைய அளவு திரும்ப வரும், ஆனால் என் மெஷினில் மூலையில் நினைவகக் குறியும் சேர்ந்து வருகிறது.

இந்தப் படங்களைப் பார்த்த தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, இதே மாதிரி 160 காட்டுற படம் ஒண்ணு, பக்கத்துல 116, நடுவுல ஒரு மூலிகைக் கிண்ணம் வெச்சுத் தர்றீங்களா?” முடியாது என்றேன். ஒரு வார்த்தைகூட எழுதாமல் அந்தப் படம் ‘இது குணமாக்கும்’ என்று சொல்லிவிடும். நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆவது? பேசிக்கொண்டே அளந்தாலோ கையைத் தொங்கவிட்டு அளந்தாலோகூட எண் ஏறும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் எதை வைத்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். அதனால் என் சட்டத்துக்குள் மெஷின், அதன் குழாய், கைப்பட்டை மட்டும்தான். பூண்டு, பழம், மாத்திரை அட்டை, பச்சை ‘சரி’ குறி எதுவும் இல்லை. செஞ்சிலுவையும் கிடையாது, அது 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பாதுகாப்பில் உள்ள சின்னம், அழகுக்காகப் போடக் கூடாது. படத்தின் விளக்கத்திலும் “மேல்கை ரத்த அழுத்தமானி, திரையில் 116/74” என்று மட்டும் எழுதினேன்.

கை வரும் படத்தில் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றவில்லை. வெறும் மேல்கையில், கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்குச் சுமார் 2 செமீ மேலே இருக்கும்படி கட்டினேன். படத்தைப் பார்த்து ஒருவர் அப்படியே கட்டிக்கொண்டாலும் தவறாகாது.

முடித்ததும் படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தேன். 116 தெரிகிறது, 74 தெரிகிறது, நாடி எண் மட்டும் மங்கல். சட்டத்தை இன்னும் நெருக்கினால் அதுவும் சரியாகும். அடுத்தது தெர்மாமீட்டர். திரை சிறியது, மூடி வளைந்தது; வளைந்த பரப்பு நாலா பக்கத்தையும் பிரதிபலிக்கும் என்பதால் ஒரு கறுப்பு அட்டை போதாது. லென்ஸ் மட்டும் நுழையும் துளை போட்ட பெரிய அட்டை ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன்.