பத்தமடைப் பாய்க்கு எத்தனை ஹேஷ்டேக்?

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் சிறிய வடிவமைப்பு அலுவலகத்துக்குத் திருமண அழைப்பிதழ், கடைப் பலகை, துணிப்பை அச்சு என்று எல்லா வேலையும் வரும். சில ஆண்டுகளாகக் கடைகளின் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எழுதித் தருவதும் அதில் சேர்ந்துவிட்டது. இந்த வேலையில் படத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. சண்டையெல்லாம் அதன் கீழே வரும் குறிகளைப் பற்றித்தான். அல்வாக் கடைக்காரர் அல்வா எமோஜி கேட்பார். அப்படி ஒன்று கிடையாது என்றால், கஸ்டர்டுக்கு உள்ள 🍮 படத்தைக் காட்டி இது போதும் என்பார். எனக்கு அது போதவில்லை.

பத்தமடைப் பாய் விற்கும் ஒரு கடையின் பதிவை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் பத்தமடையின் கோரைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. பருத்தி நூல் பாவாகவும், மெல்லியதாகக் கிழித்த கோரை ஊடையாகவும் ஓடும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் சேர்த்தே நெய்வார்கள். கடைக்காரரின் மருமகன் சுறுசுறுப்பான பையன். அவர் எழுதி அனுப்பிய வரிகள் இவை:

> 👰🤵💍🎉 கல்யாண நாள் நெருங்குகிறதா 🔥🔥🔥 பத்தமடை 🌾 பாயில் 👫 பெயர் போட்டுத் தருகிறோம் 💯💯 ஆர்டருக்கு 📞👇👇👇
> #love #instagood #viral #trending #mat #pai #tirunelveli #thirunelveli #nellai #பத்தமடையில்

இதற்குப் பிறகும் பட்டியல் நீண்டது. இன்ஸ்டாகிராம் நெடுங்காலம் ஒரு பதிவுக்கு 30 ஹேஷ்டேக் வரை அனுமதித்தது. அந்த முப்பதையும் அவர் நிரப்பியிருந்தார். இடம் இருக்கும்போது ஏன் காலியாக விட வேண்டும் என்பது அவருடைய வாதம். 2021-இல் அதே நிறுவனம் மூன்று முதல் ஐந்து போதும் என்று படைப்பாளர்களுக்கு அறிவுரை சொன்னது. ஹேஷ்டேக்கால் பார்வை பெரிதாகக் கூடிவிடாது என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பதிவு எதைப் பற்றியது என்று காட்டுவதற்கு மட்டும் அது உதவும். இந்த இரண்டையும் தம்பியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்ப வைப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் தேடலில் இட்டு, வரும் படங்களுக்கு நடுவே நம் பாய் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

#love-இல் நூறு கோடிக்கும் மேல் பதிவுகள் இருக்கின்றன. அங்கே நம் படம் போடும்போதே மூழ்கிவிடும். #mat-ஐத் தொட்டால் யோகா விரிப்புகளும் மல்யுத்த மேடைகளும் வந்தன. #pai-தான் தம்பியைச் சிரிக்க வைத்தது. போர்த்துகீசியத்தில் அதற்கு அப்பா என்று பொருள். பிரேசில்காரர்கள் குழந்தையைத் தோளில் தூக்கி நிற்கும் படங்களுக்கு நடுவே நம் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். “அண்ணாச்சி, அவர்கள் பாய் வாங்க மாட்டார்களா?” என்று கேட்டார். வாங்கலாம்தான், ஆனால் அனுப்பும் செலவுக்கு இன்னொரு பாய் நெய்துவிடலாம்.

அடுத்து நான் கேட்டது, இந்தப் பாயை வாங்குகிறவர் எதைத் தேடுவார் என்பது. கைவினை பற்றி அறிய வருகிறவர் ஊர்ப் பெயரைத் தேடுவார். ஆனால் கடைக்குக் காசு கொடுப்பவர் பெண்ணின் அக்காவோ சித்தியோ ஆக இருப்பார். சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு சீர்வரிசைத் தட்டுகளின் படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். பாய் அவர் மனதில் இன்னும் வந்திருக்காது. அதனால் #SeerVarisai என்ற குறி, ஊர்ப் பெயரைச் சொல்லும் குறியைவிட அதிகமாக உழைக்கும். தம்பியின் முப்பதில் அது இல்லவே இல்லை.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில் Pattamadai என்று எழுதுவதுண்டு. நம் ஊர்க்காரர்கள் கையால் எழுதினால் ‘த’வுக்கு th போட்டு Pathamadai என்பார்கள். தேடுகிறவர்களும் இப்படி இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு எழுத்துக் கூட்டலையும் வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. திருநெல்வேலிக்கு மூன்று வடிவங்களையும் போடுவதில் அந்த நியாயம் இல்லை. பாய் தேடுகிறவர் திருநெல்வேலி என்று மட்டும் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அந்தக் குறிக்குள் போனால் நெல்லையப்பர் கோவில் கோபுரமும் மழைக்கால அருவியும் கல்லூரி ஆண்டு விழாவும்தான் வரும். ஊரைக் காட்ட வேண்டுமென்றால் பதிவின் மேலே இடத்தைக் குறிக்கும் கட்டம் தனியாக இருக்கிறது. அதில் பத்தமடை என்று போட்டால் வேலை முடிந்தது.

தமிழில் எழுதும் ஹேஷ்டேக்கில்தான் நான் அதிகம் நின்றேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வாக்கியத்துக்கு உள்ளேயே ஒரு சொல்லின் முன்னால் # போட்டுவிட்டுப் போய்விடலாம். நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். தம்பி எழுதிய #பத்தமடையில் என்பது #பத்தமடை ஆகாது. இயந்திரத்துக்கு அது முற்றிலும் வேறு குறி. யாரும் தேடாத வீட்டுக்குக் கதவு வைத்தாற்போல ஆகிவிடும். ஒற்று வேறு இருக்கிறது. #பத்தமடைபாய், #பத்தமடைப்பாய் இரண்டும் தனித்தனி. இலக்கணப்படி ‘ப்’ வர வேண்டும் என்பது என் கட்சி. தேடுகிறவர்களில் பாதிப் பேர் அதைப் போட மாட்டார்கள் என்பது தம்பியின் கட்சி. தேடிப் பார்த்து, எதில் உண்மையான பாய்ப் படங்கள் கூடுதலாக இருக்கின்றனவோ அதை எடுப்பது என்று முடிவு செய்தோம். அந்த முறை ஒற்று ஜெயித்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. நடுவில் இடைவெளியோ சிறுகோடோ விட்டால் குறி அங்கேயே அறுந்துவிடும் என்பதால் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. போட்ட பிறகு ஒரு முறை தொட்டுப் பார்ப்பதும் நல்லது. புள்ளியோ கொம்போ வரும் இடத்தில் நிறம் மாறிப் பாதிச் சொல் மட்டும் இணைப்பானால், அந்தச் செயலி தமிழைச் சரியாகக் கையாளவில்லை என்று தெரிந்துவிடும்.

உருபுத் தொல்லை இருப்பதாலேயே தமிழ்ப் பதிவில் குறிகளை வாக்கியத்துக்குள் கலக்கக் கூடாது, கடைசியில் தனிப் பத்தியாக வைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கமாகிவிட்டது. இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நெல்லைப் பக்கத்தில் பாதி ஆர்டர் வாட்ஸ்ஆப் வழியாக வருகிறது. அங்கே ஸ்டேட்டஸில் ஹேஷ்டேக் வைத்தால் அது வெறும் கோலம்; தொட்டாலும் எங்கும் போகாது. கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு மீதியை அப்படியே அனுப்பலாம்.

எமோஜிக்கு வருகிறேன். 👰 படத்தில் இருப்பவர் வெள்ளை முக்காடு போட்டவர், 🤵 படத்தில் இருப்பவர் கோட்டு போட்டவர். நம் மணவறையில் இருவரையும் காணோம். 2019-இல் சேர்க்கப்பட்ட 🥻 சேலையையும் 🪔 விளக்கையும் போட்டிருந்தால்கூட ஓரளவு ஒட்டும். ஆனால் உண்மையான கெடுதலைச் செய்தது 🌾தான். அது நெற்கதிர். கோரைக்கு எமோஜி கிடையாது. பாய் என்ற சொல்லுக்கு முன்னால் நெற்கதிரை வைத்தால் வைக்கோல் பாய் என்று நினைப்பவர் நினைப்பார். முந்தைய பதிவின் கீழேயே ஒருவர் “இது வைக்கோலா?” என்று கேட்டிருந்தார். கோரையைக் கிழித்துச் சீவி மெல்லிய பாயாக நெய்கிற வீட்டுக்காரர் அதைப் படித்தால் என்ன ஆகும் என்று கடைக்காரரே கவலைப்பட்டார்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான் எமோஜியை விட்டுவிடாது. அதன் பெயரைச் சொல்லி வாசிக்கும். “பத்தமடை, நெற்கதிர், பாயில், ஆணும் பெண்ணும், பெயர்” என்று கேட்டுப் பார்த்தால் வாக்கியத்தின் நடுவே எமோஜி வைப்பது எவ்வளவு தொல்லை என்று புரியும். ஆகவே சொல்லுக்குப் பதிலாக எமோஜி வைப்பதில்லை. வரியின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் வைக்கிறோம். ஆங்கிலக் குறிகளில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். #seervarisai என்பதைவிட #SeerVarisai கண்ணுக்கும் வாசிப்பானுக்கும் எளிது, தேடலில் இரண்டும் ஒன்றே.

இவ்வளவையும் கழித்த பிறகுதான் விட்டுப்போன விஷயம் ஒன்று தெரிந்தது. பெயர் நெய்ய நாள் பிடிக்கும் என்பதைத் தம்பி எங்கும் எழுதவில்லை. பதிவின் முதல் இரண்டு வரிதான் தொடாமலே கண்ணில் படும். அந்த இடத்தை மோதிரமும் நெருப்பும் பிடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் போனது இது:

> முகூர்த்தப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருகிறோம். பத்தமடைக் கோரைப் பாய், கைநெசவு.
> பெயரும் நாளும் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.
> 📞 கடை எண் புரொஃபைலில் இருக்கிறது.
>
> #PattamadaiMat #Pathamadai #பத்தமடைப்பாய் #SeerVarisai #TamilWedding

📞 மட்டும் தப்பித்ததற்குக் காரணம் உண்டு. படிக்காமல் கண்ணை ஓட்டுகிறவர் எண்ணைத் தேடும்போது அவருடைய பார்வை அங்கே போய் நிற்கும். இரண்டாவது எமோஜி சேர்ந்தால் அந்தப் பயன் பாதியாகிவிடும். #TamilWedding கொஞ்சம் அகலமான குறிதான். இலங்கை, மலேசியத் திருமணப் படங்களும் அதில் வரும். வெளிநாட்டில் இருக்கும் அந்தச் சித்தியை நினைத்து விட்டுவைத்தேன்.

இதனால் விற்பனை கூடியதா என்று கேட்டால், ஹேஷ்டேக்கால் கூடியது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி இல்லை. பின்தொடராதவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று செயலி காட்டும். அவர்கள் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பது அந்த எண்ணில் தெரியாது. அதைவிட எளிதான சோதனையாகக் கடைக்காரர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டார். “எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு நோட்டில் ஒரு வரி எழுதுகிறார். எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. “இது வைக்கோலா?” என்ற கேள்வி நின்று, “பெயர் தமிழில் வருமா?” என்ற கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது.

தம்பிக்கு ஒரு மனக்குறை மிச்சம் இருந்தது. கடையின் பெயரில் ஒரு ஹேஷ்டேக் வேண்டும் என்றார். புதிதாக வருகிறவர் யாரும் அதைத் தேடப் போவதில்லை என்பதால் பதிவில் அதற்கு இடமில்லை என்றேன். ஆனால் பாயை வாங்கியவர் மணவறைப் படத்தைப் போடும்போது அது பயன்படும். அந்தப் படங்கள் ஒரே இடத்தில் சேரும். வேறு யாரும் எடுத்துக்கொள்ளாத, சொல்லிக் கேட்டாலே தட்டக்கூடிய சிறிய பெயராகத் தேடிப் பிடித்தோம். அதைச் சிறு சீட்டில் அச்சடித்து, சுருட்டும்போது பாய்க்குள் வைத்து அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டின் மூலையில் ஒரு 🔥 இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் தம்பி சேர்த்தது; நானும் விட்டுவிட்டேன்.