ஊதா சாயம் வெளுக்கிறது: அரை வாழ்காலம் கடைசியில் ஒத்து வந்தது

கிரிஸ்டல் வயலெட் – சோடியம் ஹைட்ராக்சைடு வினையில் அடுத்தடுத்த அரை வாழ்காலங்கள் ஒருவழியாக ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. அப்சார்பன்ஸ் 0.84-லிருந்து 0.42-க்கு இறங்க 175 நொடி, அதிலிருந்து 0.21-க்கு வர மறுபடி 175, அடுத்த பாதிக்கும் ஒன்றிரண்டு நொடிதான் முன்னே பின்னே. இதற்கு மேல் என்ன வேண்டும்!

கலவையில் சாயம் சுமார் 10⁻⁵ மோலார், காரம் 0.02 மோலார். சாயம் முழுக்கத் தீர்ந்தாலும் காரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அதனால் வேகம் = k[சாயம்][OH⁻] என்ற விதியில் பின்பகுதி மாறிலியாகிவிட, போலி முதல் வகை வினை கிடைக்கிறது. k′ = 0.693/175, அதாவது நொடிக்கு 0.0040. காரத்தை 0.04 ஆக்கினால் அரை வாழ்காலம் 90 நொடிக்கு வந்துவிடுகிறது. ஆக, காரத்தைப் பொறுத்தும் வகை ஒன்றுதான். சரிபாதியாக 87.5 வராததற்கு உப்பு விளைவைத்தான் சந்தேகிக்கிறேன். எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் வினைபுரியும்போது கரைசலில் அயனிகள் கூடினால் k கொஞ்சம் குறையும். 0.02 கரைசலில் சோடியம் குளோரைடு சேர்த்து அயனி வலிமையைச் சமன்செய்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

என் உயிரை வாங்கியது ஒளிமானிதான். 590 நானோமீட்டர் எல்இடி, எதிரே ஃபோட்டோடையோடு, நடுவில் க்யூவெட். பார்க்க எளிமையான அமைப்பு. ஆனால் மூடி சரியாகப் பொருந்தாமல் வெளி வெளிச்சம் 3 சதவீதம் கசிந்தாலே போதும், அடர்நிறத்தில் அப்சார்பன்ஸ் 0.84-க்குப் பதில் 0.77 என்று காட்டும். நிறம் வெளிறிய பிறகு அதே கசிவு கண்ணுக்கே தெரியாது. விளைவு, முதல் அரை வாழ்காலம் 184, அடுத்தது 178, அப்புறம் மெல்ல 175-ஐ நோக்கி இறங்கும். ln A வரைகோட்டின் தொடக்கம் மட்டும் லேசாகப் படுத்துக்கொள்ளும்.

க்யூவெட் சுவரில் சாயம் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு. அந்தக் கறை வெளுக்காமல் நிற்பதால் கடைசிப் பகுதிதான் நீளும். அரை வாழ்காலம் போகப் போகக் கூடுவதைப் பார்த்து இரண்டாம் வகை வினையோ என்று தோன்றும். நிஜமான இரண்டாம் வகை என்றால் ஒவ்வொரு அரை வாழ்காலமும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு ஆக வேண்டும், முதல் பாதியிலேயே அது பிடிபட்டுவிடும். கறையோ வால்பகுதியில் மட்டும்தான் வேலையைக் காட்டும். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் எல்இடியை அணைத்து இருட்டு அளவீடு எடுத்துக் கழிக்கிறேன். முடிந்ததும் க்யூவெட்டை ஆல்கஹாலில் கழுவி, வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறேன். வரைபடத்தின் R² மதிப்பை நான் நம்புவதேயில்லை. மேலே சொன்ன இரண்டு கோளாறும் இருக்கும்போதே அது 0.99-க்கு மேல் காட்டிச் சிரிக்கும்.

எல்இடி விற்பவர்களைப் பற்றி ஒரு புலம்பல்: ‘மஞ்சள்’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள், அலைநீளத்தைக் கேட்டால் பதில் இல்லை. வெள்ளை எல்இடியை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். சாயம் தொடாத நிறங்களும் சேர்ந்து வருவதால் அதுவும் கசிவு மாதிரியேதான்.

அடுத்து வெப்பநிலை. 35 டிகிரியில் அரை வாழ்காலம் 82 நொடி. 25-க்கும் 35-க்கும் இடையே k 2.13 மடங்கு கூடியிருக்கிறது. அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டால் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 58 கிலோஜூல். பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்று சொல்வார்களே, அது இந்த அளவு கிளர்வு ஆற்றல் உள்ள வினைக்கு அறை வெப்பநிலையை ஒட்டித்தான் பொருந்தும்.

ஆனால் அந்த 58-ஐ எவ்வளவு நம்பலாம்? தொட்டித் தண்ணீர் 35 டிகிரி காட்டினாலும், க்யூவெட்டை எடுத்து ஒளிமானியில் வைத்ததும் உள்ளே இருக்கும் திரவம் ஆறத் தொடங்குகிறது. உண்மையில் அது 33.5 என்றால் இதே 82 நொடிக்குக் கிளர்வு ஆற்றல் 68 ஆகிவிடும். ஒன்றரை டிகிரிக்குப் பத்து கிலோஜூல்! அதனால் மெல்லிய தெர்மிஸ்டர் ஒன்றை ஒளிப்பாதைக்கு மேலே திரவத்திலேயே முக்கி வைத்து, ஓட்டம் முழுக்க வெப்பநிலையைப் பதிவுசெய்கிறேன். மேற்சொன்ன 35 அந்தத் தெர்மிஸ்டரின் சராசரி. சாயத்தையும் காரத்தையும் தனித்தனியே தொட்டியில் ஊறவைத்த பிறகே கலக்கிறேன்.

15 டிகிரி ஓட்டம் இன்னும் பாக்கி. கணக்குப்படி அரை வாழ்காலம் 390 நொடியை ஒட்டி வர வேண்டும். குளிர்ந்த க்யூவெட்டின் வெளிச்சுவரில் ஈரம் படிந்து ஒளியை மறைக்கிறது. துடைத்தால் மறுபடி படிகிறது. ஒளிமானிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்துப் பார்க்கப் போகிறேன். அதற்குள் ஃபீனால்ஃப்தலீன் வாங்கியாயிற்று. அதன் இளஞ்சிவப்பும் அடர்காரத்தில் இதே மாதிரி மெல்ல வெளுக்கும், ஆனால் அதற்குப் பச்சை எல்இடி வேண்டும்.