கொளத்தூர் கட்டட வேலை நாட்குறிப்பு: ஆஜர், வாரக் கூலி, முன்பணம்

5 ஜனவரி 2026, திங்கள்

முதல் மாடிச் சுவர் வேலை இன்று தொடங்கியது. மேஸ்திரியைச் சேர்க்காமல் ஏழு பேர் வந்திருக்கிறார்கள்: கொத்தனார் இருவர், பெரியாள் இருவர், சித்தாள் மூவர். கரண்டியை எடுக்கும் முன்பே கூலியை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, ஆஜர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். கொத்தனாருக்கு 1,200 ரூபாய், பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 700; நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை.

மேஸ்திரியிடம் மட்டும் பேசி மொத்தப் பணத்தையும் அவர் கையில் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் பழக்கம். அப்படிக் கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று அவர் பிடித்துக்கொள்வது எவ்வளவு என்பது வேலை செய்தவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆள் திரட்டி வருவதும் ஓர் உழைப்புதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவே அவருக்குரிய தினக்கூலியோடு, ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாயை என் கணக்கிலிருந்து தனியாகத் தருகிறேன் என்று பேசினேன். கூலியோ அவரவர் கையில்தான். அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி சார், ஆனா அம்பது ரூபா வாராவாரம் வந்துடணும்" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். அவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

ஆஜர் போடும் முறையையும் இன்றே காட்டிவிட்டேன். காலையில் வந்ததும் கட்டத்தில் ஒரு சாய்கோடு. சாப்பாடு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அதன் குறுக்கே இன்னொரு கோடு. பெருக்கல் குறி முழு நாள், ஒற்றைக் கோடு அரை நாள். வராதவரின் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, "இல்லை" என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் பிறகு கோடு போடலாம். பென்சிலுக்கு இடமில்லை. நோட்டு சிமென்ட் அறையின் கதவில் ஆணியடித்துத் தொங்குகிறது, மாலையில் போகும்போது யாரும் தம் வரியைப் பார்த்துவிட்டுப் போகலாம். எழுத்துப் படிக்காத சித்தாள் அக்காவுக்கும் பெருக்கல் குறி எத்தனை என்று எண்ணத் தெரிகிறது.

7 ஜனவரி, புதன்

ஒன்பது மணிக்கு வர வேண்டிய எம்-சாண்ட் லாரி பதினொன்று கடந்துதான் வந்தது. அதுவரை ஆட்கள் செங்கல்லை நனைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வேலை நடக்காத இரண்டு மணி நேரத்திற்கு எதற்குக் கூலி என்று வீட்டுக்காரர் கேட்டார். காலை எட்டு மணிக்கு ஆள் கூடும் முனையை விட்டு நம் வேலைக்கு வந்த ஒருவருக்கு, ஒன்பது மணிக்கு மேல் அன்றைய நாளில் வேறு வேலை கிடைக்காது. லாரியை வரச் சொன்னவன் நான், தாமதத்தின் செலவும் என்னுடையதே என்று விளக்கினேன். ஆஜரில் எல்லோருக்கும் பெருக்கல் குறிதான்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்திருக்கும் பெரியாள் இன்று செலவுக்கு 500 ரூபாய் வாங்கினார். இவ்வகைச் சிறு தொகையை அந்த வாரத்திலேயே முழுதாகக் கழித்துக்கொள்வது வழக்கம். அதை அவர் வரியிலேயே, தேதி போட்டு, அவரைக் கையெழுத்திடச் செய்து குறித்தேன்.

9 ஜனவரி, வெள்ளி

முன்புறப் போர்ட்டிகோவின் கூரைக்குக் காங்கிரீட் போட்டோம். கலவை இயந்திரம் வரத் தாமதமானதால் முடிப்பதற்கு இரவு எட்டு ஆயிற்று. காங்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடத்தில் நீர் கசியும்; ஆகவே ஆட்களை ஆறு மணிக்கு அனுப்ப வழியில்லை.

இப்படி நேரம் தாண்டினால் "அரை ஆள் சம்பளம்" சேர்த்துக் கொடுப்பது ஊர் வழக்கம். அது நியாயமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 900 ரூபாயை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 112 ரூபாய் 50 காசு. கூடுதல் நேரத்திற்கு இரு மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் மணிக்கு 225, இரண்டு மணி நேரத்திற்கு 450. அரை நாள் கூலியும் அதே 450. எட்டு மணி நேர வேலையில் கூலி எவ்வளவாக இருந்தாலும் இது மாறாது. ஆனால் பொருத்தம் இரண்டு மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவது மணி நேரம் தொடங்கினால் 675 தர வேண்டியவருக்கு அரை ஆள் சம்பளம் என்று 450-ஐக் கொடுத்து அனுப்புவது, ஒரு மணி நேர உழைப்பைப் பிடுங்கிக்கொள்வதே. பெரிய கூரைக் காங்கிரீட் நாட்களில் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொரு பெரியாள் வராததால், வந்தவாசிப் பெரியாளின் மனைவியாகிய சித்தாள் அக்கா நாள் முழுவதும் இயந்திரத்தில் ஜல்லி கொட்டினார். அது பெரியாள் வேலை. செய்தவர் பெண் என்பதால் 700 என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை, சட்டமும் ஒப்பாது. அவர் கட்டத்தின் கீழே "பெ" என்று எழுதி, இன்றைய நாளுக்கு 900-உம் கூடுதல் நேரத்திற்கு 450-உம் குறித்தேன். ஆஜரில் ஆள் வந்தாரா என்பது மட்டும் இருந்தால் போதாது, என்ன வேலை செய்தார் என்பதும் வேண்டும்.

நாளை இரண்டாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது. பட்டுவாடாப் பணத்தை மதியமே எடுத்து, நூறும் ஐம்பதுமாகச் சில்லறை மாற்றி வைத்தேன். ஏடிஎம் இயந்திரத்தில் எடுத்தால் பெரும்பாலும் ஐந்நூறு தாள்களே வரும். பிறகு இருவருக்குச் சேர்த்து ஒரு தாளைக் கொடுத்து "பிரிச்சுக்கோங்க" என்று சொல்லும் நிலை வரும். சண்டைக்கு அதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

10 ஜனவரி, சனி

வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்திய கடைசி வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. மாலை ஐந்து மணிக்கே, வேலை நேரத்திற்குள், பட்டுவாடாவைத் தொடங்கினேன். ஆறு மணிக்கு மேல் தொடங்கினால் ஆட்கள் தங்கள் நேரத்தில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். பேருந்து பிடிக்க வேண்டிய சித்தாள்களுக்கே முதலில் கொடுத்தேன்.

வந்தவாசிப் பெரியாளின் கணக்கு இது. ஐந்து முழு நாள், வியாழன் மதியம் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதால் ஓர் அரை நாள்: ஐந்தரை நாளுக்கு 4,950. வெள்ளிக்கிழமை கூடுதல் நேரம் 450, மொத்தம் 5,400. புதனன்று வாங்கிய 500 போக, கையில் 4,900. தொகையை முதலில் சொல்லாமல், பெருக்கல் குறிகளை விரல் வைத்து அவரையே எண்ணச் செய்து, பிறகுதான் பெருக்கினேன். மேஸ்திரியின் சிறு நோட்டில் அவருக்கு ஐந்து நாள் மட்டுமே இருந்தது. வியாழனை அவர் முழு விடுப்பாக எண்ணியிருந்தார். எங்கள் நோட்டில் ஒற்றைக் கோடு இருந்ததால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது.

ஒரு கொத்தனார் கைப்பேசியில் அனுப்பச் சொன்னார். அவருடைய எண்ணா என்று பெயரைப் பார்த்த பிறகே அனுப்பினேன். இன்னொருவர் எண்ணுக்கு அனுப்புவதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

13 ஜனவரி, செவ்வாய்

நாளை போகி. ஊருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நாள் கூலியை இன்றே முடித்தேன். வந்தவாசிப் பெரியாள் பொங்கலுக்கு 8,000 ரூபாய் முன்பணம் கேட்டார். கொடுக்க என்னால் முடியும். ஆனால் அவரால் திருப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. ஆறு நாளும் வந்தால் அவருக்கு வாரம் 5,400. வாரம் 2,000 பிடித்தால் வாடகையும் அரிசியும் இடிக்கும், புதன்கிழமையே மறுபடி செலவுக்கு வாங்குவார். வாரம் 1,000 பிடித்தால் 8,000 தீர எட்டு வாரம் ஆகும், இந்தக் கட்டடத்தில் அவருக்கு அத்தனை வாரம் வேலை இருக்குமென்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான்கு வாரத்தில் தீரக்கூடிய 4,000-த்தில் உட்கார்ந்து பேசி முடித்தோம்.

இதை வாரக் கணக்கின் வரியில் எழுதாமல், நோட்டின் கடைசியில் தனிப் பக்கத்தில் எழுதினேன்: தொகை, தேதி, வட்டி இல்லை, நான்கு நாளோ அதற்கு மேலோ வந்த வாரத்தில் 1,000, அதற்குக் குறைந்தால் 500, இரண்டு நாள்கூட இல்லையென்றால் பிடித்தமே இல்லை. பிடித்தம் எல்லாம் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது சட்டத்தின் எல்லை. நாங்கள் அதற்கு வெகு கீழே நிற்கிறோம். இடையில் வேறு இடத்திற்குப் போனாலும் அவரைத் தடுக்கமாட்டேன் என்பதையும் எழுதினேன். வாங்கிய கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு பணம் கொடுங்கள் என்று மேஸ்திரி காதோடு சொன்னார், அட்டையைத் தொடவில்லை. பக்கத்தைப் படித்துக் காட்டி, பெரியாளிடமிருந்த சிறிய நோட்டிலும் அதே வரிகளை எழுதிக் கொடுத்தேன்.

24 ஜனவரி, சனி

திங்களன்று அக்கா மட்டும் பிள்ளைகளோடு திரும்பினார். கணவர் அறுப்புக்காக ஊரில் தங்கிவிட்டு வியாழனன்றுதான் வந்தார். புதனன்றே மேஸ்திரி, "அவன் வருவானோ மாட்டானோ, சம்சாரம் கூலில ஆயிரம் புடிச்சிடுங்க சார்" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் அக்காவின் பக்கத்தில் முன்பணம் எதுவும் இல்லை. கணவர் வாங்கியதற்கு அவர் கைநாட்டும் இல்லை. ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள் என்பதற்காக இருவர் கூலியையும் ஒன்றாக்கிவிட்டால், வாங்காத கடனுக்கு அவர் ஜல்லி சுமந்ததாகிவிடும். ஆறு நாளுக்குரிய 4,200 ரூபாயை முழுதாக அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, ரவிக்கைக்குள் இருந்த பையில் வைத்துக்கொண்டார்.

கணவருக்கு மூன்று நாள், 2,700. எழுதியபடி பிடித்தம் 500, கையில் 2,200, முன்பணப் பாக்கி 3,500. ஆயிரமே பிடித்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் தீரட்டும் என்று அவரே சொன்னார். அடுத்த வாரம் ஆறு நாளும் வந்த பிறகு கூட்டிக் கொடுக்கலாம், இந்த வாரம் எழுதியபடியே இருக்கட்டும் என்றேன். பாக்கித் தொகையை இரண்டு நோட்டிலும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம்.