மாஸ்ஃபெட் வாங்கும் முன் டேட்டாஷீட்டில் நான் பார்த்தவை

திருமங்கலம் பக்கம் மாமாவுக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பம்பு ஒன்று அங்கே சும்மா கிடந்தது, அதை ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டோடு சேர்த்து நாற்றுப் பதியன்களுக்கு நேரத்துக்குத் தண்ணீர் விடலாம் என்று ஆரம்பித்தேன். ஓடும்போது பம்பு 4 ஆம்பியர் இழுக்கிறது. ஊனோவின் ஒரு அவுட்புட் பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதில்லை, அதனால் இடையில் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் வேண்டும்.

டவுன்ஹால் ரோடு பக்கம் விசாரித்தால் IRFZ44N என்றார்கள். டேட்டாஷீட்டை இறக்கிப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே 55 வோல்ட், 49 ஆம்பியர், திறந்திருக்கும்போது மின்தடை 17.5 மில்லி ஓம். 4 ஆம்பியர் பம்புக்கு இது தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் தெருவில் டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டினேன். "ஆம்பியரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, கேட்டுக்கு நீ எத்தனை வோல்ட் கொடுக்கப் போற, அதை முதல்ல சொல்லு" என்றார். கேட் என்பது மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால், அதற்கு ஊனோ கொடுப்பது 5 வோல்ட்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையை மறுபடி படித்தேன். 17.5 மில்லி ஓம் இருக்கும் வரியில், நிபந்தனைக் கட்டத்தில் VGS = 10V என்று இருக்கிறது, அதாவது கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால் கிடைக்கும் மதிப்பு அது. 5 வோல்ட்டுக்கு வரியே இல்லை. கீழே VGS(th) என்ற வரியில் 2 முதல் 4 வோல்ட் வரை என்று போட்டிருப்பதைப் பார்த்து, 5 வோல்ட் போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த வரியின் நிபந்தனை 250 மைக்ரோ ஆம்பியர், அதாவது கதவு லேசாக அசையத் தொடங்கும் இடம் அவ்வளவுதான். நம் கைக்கு வரும் பீஸ் 4 வோல்ட் ரகமாக இருந்துவிட்டால், 5 வோல்ட்டில் அது அரைகுறையாகத்தான் திறக்கும், பம்பு ஓடினாலும் மாஸ்ஃபெட் சூடாகும்.

F-க்குப் பதில் L எழுத்து வரும் IRLZ44N-க்கு அட்டவணையில் மூன்று வரிகள்: 10 வோல்ட்டில் 22 மில்லி ஓம், 5 வோல்ட்டில் 25, 4 வோல்ட்டில் 35, எல்லாமே அதிகபட்ச மதிப்புகள். நமக்கான 5 வோல்ட் வரி அதில் இருக்கிறது. முதல் பக்கத்து மதிப்புகளில் இது IRFZ44N-ஐவிடக் கொஞ்சம் மட்டம்தான், நம் வேலைக்கு ஏற்றது இதுவே.

அடுத்தது சூடு. இதன் முதல் பக்கத்து 47 ஆம்பியர், மாஸ்ஃபெட்டின் உடம்பை 25 டிகிரியிலேயே பிடித்து வைத்திருந்தால் கிடைப்பது, மதுரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதற்கு வழியே இல்லை. ஹீட்சிங்க் இல்லாமல் வைக்க, பார்க்க வேண்டிய வரி RθJA, அதாவது சூடாக வீணாகும் ஒவ்வொரு வாட்டுக்கும் சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி ஏறும் என்பது: இதற்கு 62 டிகிரி. கணக்கு இப்படி:

```
P  = 4 × 4 × 0.025 = 0.4 W
ΔT = 0.4 × 62 ≈ 25 °C
```

சூடாகச் சூடாக மின்தடையும் ஏறும், அதற்குத் தனி வரைபடமே இருக்கிறது, அதையும் சேர்த்தால் 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் 55 டிகிரி என்றாலும் மொத்தம் 90, வரம்போ 175. ஹீட்சிங்க் தேவையில்லை. இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால், ஹீட்சிங்க் இல்லாத அந்த 47 ஆம்பியர் மாஸ்ஃபெட் 6 ஆம்பியர் பக்கத்திலேயே வரம்பைத் தொட்டுவிடும் என்று தெரிகிறது. எனக்கு டேட்டாஷீட் மேல் மரியாதை வந்ததே இந்த இடத்தில்தான்.

பம்புக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு, கேட்டிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம், பேட்டரி வயரில் ஒரு ஃப்யூஸ், இவையெல்லாம் வழக்கம்போல.

மாட்டியபின் பம்பு ஓடும்போதே மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து மாஸ்ஃபெட்டின் மற்ற இரண்டு கால்களான டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அளந்துவிடுங்கள். 4 ஆம்பியருக்கு 25 மில்லி ஓம் என்றால் 100 மில்லி வோல்ட், எனக்கு அதற்குக் கீழேதான் காட்டியது. அரை வோல்ட் காட்டினால் 2 வாட் சூடு, ஒன்று கேட் சரியாகத் திறக்கவில்லை, இல்லையென்றால் பீஸே போலி.

ஊனோவுக்குப் பதில் ESP32 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த IRLZ44N-உம் சரிவராது, அதன் அவுட்புட் பின் தருவது 3.3 வோல்ட், அட்டவணையோ 4 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. வரைபடத்தில் 3 வோல்ட் கோடு இருக்கிறதே என்பார்கள், அது வழக்கமான பீஸுக்கான கோடு, உங்கள் பீஸுக்கு உத்தரவாதம் இல்லை. 2.5 வோல்ட்டுக்கு வரி போட்டிருக்கும் AO3400A மாதிரி ஒன்றைத் தேடுங்கள். அது சின்ன SOT-23 உடம்பு, அதன் RθJA 125 வரை போகும், அதனால் சூட்டுக் கணக்கை அதற்கு முதலிலிருந்து போட வேண்டும்.